நன்றியோடு தேதியும் வேண்டும்

அவசர ஆர்டர் ஒன்று முடிந்த மறுநாள் பல தொழிற்சாலைகளின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வரும். "எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு வந்தவர்களுக்கு காம்ப் ஆஃப் உண்டு." சூப்பர்வைசர் மனதாரத்தான் அனுப்பியிருப்பார். கைகூப்பும் படங்களும் வரிசையாக வந்து விழும். இரண்டு மாதம் கழித்து, தங்கை நிச்சயதார்த்தத்துக்கு அந்த லீவைக் கேட்கும் தொழிலாளியிடம் டைம் ஆபீஸ், "எந்த ஞாயிறு? யார் சொன்னது? கணக்கில் இல்லையே" என்கிறது. சூப்பர்வைசர் நல்லவர்தான், டைம் ஆபீஸும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த நன்றிக் குறிப்பில் இருந்திருக்க வேண்டிய நான்கைந்து விவரங்கள் இல்லாமல் போனதுதான் சிக்கல்.

கூடுதல் நேரத்துக்கு நன்றி சொல்லி, மாற்று விடுப்பை உறுதிசெய்யும் குறிப்பு என்பது உண்மையில் ஒரு கடன் சீட்டு. தொழிலாளி தன் நேரத்தைக் கொடுத்துவிட்டார். நிர்வாகம் எதை, எப்போது திருப்பித் தரும் என்பதை அந்தக் காகிதம் சொல்ல வேண்டும். அதை எழுதுவதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு உழைத்த மணி நேரமும், வார விடுமுறையில் உழைத்த நாளும் வெவ்வேறு கடன்கள். முதலாவதைப் பணத்தால் அடைக்க வேண்டும். இரண்டாவதை நாளால் அடைக்க வேண்டும்.

கோவைப் பக்கத்துப் பம்ப் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். அசெம்பிளி பிரிவில் ஆறு பேர். தினமும் எட்டு மணி நேர ஷிப்ட், ஞாயிறு விடுமுறை. கோடை சீசனுக்கான ஆர்டர் மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமைக்குள் லாரியில் ஏற வேண்டும். அதனால் 9-ஆம் தேதி திங்கள் முதல் 12-ஆம் தேதி வியாழன் வரை, ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறார்கள். ஞாயிறன்றும் முழு ஷிப்ட் வருகிறார்கள்.

முதலில் மாலை நேரங்கள். அந்த வாரம் வழக்கமான வேலையே ஆறு நாளில் 48 மணி நேரம். அதற்கு மேல் நான்கு நாளில் எட்டு மணி நேரம் சேர்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் வார வரம்பு 48 மணி நேரமாக இருந்தது. அதைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். இதைத்தான் ஓ.டி. என்கிறோம்.

ஒருவருடைய மாதச் சம்பளம் 20,800 ரூபாய் என்றும், அது 26 நாள் கணக்கில் பிரிக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 800 ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய். ஓ.டி. வீதம் மணிக்கு 200 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு அவருக்கு வர வேண்டியது 1,600 ரூபாய்.

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. "எட்டு மணி நேரம் என்றால் ஒரு ஷிப்ட்தானே, ஒரு நாள் காம்ப் ஆஃப் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு நாளின் மதிப்பு 800 ரூபாய். 1,600 ரூபாய் வர வேண்டியவருக்குப் பாதிதான் கிடைக்கிறது. ஆறு பேருக்குமாகச் சேர்த்தால் ஒரே வாரத்தில் 4,800 ரூபாய் காணாமல் போகிறது. சட்டம் பணமாகத் தரச் சொன்ன ஓ.டி.யை லீவாக மாற்றும் உரிமை சூப்பர்வைசருக்கு இல்லை. தொழிலாளி சரி என்று தலையாட்டினாலும் அந்த உரிமை வந்துவிடாது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வார விடுமுறையில் ஒருவரை வேலைக்கு அழைப்பதாக இருந்தால், அந்த நாளுக்கு முன்போ பின்போ மூன்று நாட்களுக்குள் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டியிருந்தது. ஞாயிறு வருவதற்கு முன்பே அதைப் பற்றித் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவித்து, நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டியிருந்தது. இப்படி நாளை மாற்றும்போதும், முழு நாள் விடுமுறை இல்லாமல் ஒருவரைத் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்க அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை.

நம் ஆறு பேருக்கும் ஒரே நாளில் லீவு கொடுத்தால் லைன் நின்றுவிடும். அதனால் 16, 17, 18 ஆகிய மூன்று நாட்களிலும் நாளுக்கு இரண்டு பேர் என்று பிரிக்கலாம். கடைசியாக 18-ஆம் தேதி லீவு எடுப்பவர் 9-ஆம் தேதியிலிருந்து 17 வரை ஒன்பது நாள் தொடர்ந்து வேலை செய்திருப்பார். பத்து நாள் வரம்புக்குள் அடங்கிவிட்டது. அந்தச் சட்டத்தில் வாரம் ஞாயிறன்று தொடங்கி சனிக்கிழமை முடிந்தது. ஆகவே ஞாயிறு வேலை, இடையில் ஒரு நாள் லீவு என்று கூட்டினால் அந்த வாரமும் 48 மணி நேரத்தில் நிற்கிறது. ஞாயிறு வேலைக்குத் தனியாக ஓ.டி. எழாது.

வார விடுமுறை விதியிலிருந்து அரசின் விலக்கு பெற்ற தொழிற்சாலைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அங்கே விடுமுறையை இழந்தவருக்கு, இழந்த நாள் எத்தனையோ அத்தனை மாற்று விடுப்பு தர வேண்டும். இழந்த மாதத்திலோ, அடுத்து வரும் இரண்டு மாதங்களுக்குள்ளோ அது முடிய வேண்டும். மார்ச்சில் இழந்த ஞாயிறு என்றால் மே 31 கடைசி நாள். ஆனால் மாற்று நாள் அதே வாரத்தில் வராவிட்டால், அந்த வாரம் 56 மணி நேரமாகிவிடும். அப்போது கூடுதல் எட்டு மணி நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளமும் சேர்ந்து வரும். ஓ.டி. கொடுத்துவிட்டோம் என்பதால் மாற்று விடுப்பு ரத்தாகாது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டமும் மாற்று விடுப்புக்கான இந்தக் கால வரம்பையும் ஓ.டி.க்கான இரட்டிப்பு வீதத்தையும் வைத்திருக்கிறது. ஓ.டி. பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதையும் அது சொல்கிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் எழுதும் குறிப்பு எப்படி இருக்கலாம்? ஞாயிறு மாலை ஷிப்ட் முடியும்போது போர்டில் ஒட்டக்கூடிய அளவில் ஒரு மாதிரி:

"அசெம்பிளி பிரிவு நண்பர்களுக்கு,

மார்ச் 9 முதல் 12 வரை தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகவும், 15 ஞாயிறு முழு ஷிப்டும் வேலை செய்து, 400 பம்ப்செட்டுகளையும் சொன்ன நாளில் அனுப்பிவைத்தீர்கள். வெள்ளிக்கிழமை மூன்று பம்புகளில் சீல் கசிவதைக் கண்டுபிடித்து, அவசரத்திலும் அவற்றைப் பிரித்துச் சரிசெய்தீர்கள். உங்கள் உழைப்புக்கு நன்றி.

நான்கு நாள் கூடுதல் நேரம், ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேரம், ஓ.டி.யாக மார்ச் சம்பளத்தில் சேரும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் ஒரு நாள் மாற்று விடுப்பு, சம்பளத்துடன், ஏற்கெனவே போர்டில் அறிவித்தபடி 16, 17, 18 தேதிகளில். யாருக்கு எந்த நாள் என்ற பட்டியல் கீழே உள்ளது. இது உங்கள் வழக்கமான லீவுக் கணக்கில் கழியாது. நகல் டைம் ஆபீஸுக்கு அனுப்பப்பட்டுள்ளது. திருத்தம் இருந்தால் இன்றே சொல்லுங்கள்."

கீழே ஆறு பெயர், ஆறு தேதி, கையெழுத்து. அவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. நன்றி பொதுவாக நிற்காமல், சீல் கசிவைப் பிடித்த அந்த ஒரு செயலைச் சொல்கிறது. மேலதிகாரி உண்மையில் கவனித்தாரா என்பது தொழிலாளிக்கு இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். "சம்பளத்துடன்" என்ற சொல் மாதச் சம்பளக்காரருக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். நாள்கூலி பெறுபவருக்கு அதுதான் எல்லாம். அந்தச் சொல் இல்லையென்றால் மாற்று விடுப்பு அவருக்குக் கூலியில்லாத இன்னொரு நாளாகிவிடும். "லீவுக் கணக்கில் கழியாது" என்று எழுதாததால், மாற்று விடுப்பு எடுத்த நாளைச் சொந்த லீவாகக் குறைத்துவிடும் தவறும் நடக்கிறது.

தேதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். "வேலை குறைந்ததும் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதினால் அது தேதியாகாது. தொழிற்சாலையில் வேலை குறையும் நாள் என்று ஒன்று தானாக வராது. அடுத்த ஆர்டர் வரும், சூப்பர்வைசர் வேறு பிரிவுக்கு மாறுவார், தொழிலாளி வேலையை விட்டுப் போவார். எழுதாத நாள் அத்தோடு போய்விடும். அந்த நாளில் முடியாது என்று தொழிலாளி சொன்னால், தேதியை மாற்றி அதையும் எழுதிக்கொள்வதுதான் முறை.

தேசிய, பண்டிகை விடுமுறைகளின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் அதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அந்த நாளில் வேலைக்கு வந்தவருக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று நாள் ஒன்று தர வேண்டும். ஆகவே மே தினத்தில் வேலை நடந்திருந்தால், இந்த இரண்டில் எது என்பதைக் குறிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் காம்ப் ஆஃப் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த விதிப்படி நடக்கிறது. அங்கே எத்தனை நாளுக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகும் என்பதையும் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். அந்தக் கெடு தெரியாமல்தான் பலர் நாட்களை இழக்கிறார்கள்.

குறிப்பு கைக்கு வந்ததும் தொழிலாளி அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் முடிந்து சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஓ.டி. என்ற வரியில் எட்டு மணி நேரமும் 1,600 ரூபாயும் இருக்கிறதா? வருகைப் பதிவில் லீவு எடுத்த நாள் மாற்று விடுப்பு என்று பதிவாகியிருக்கிறதா, ஆப்சென்ட் என்றா? தவறு இருந்தால் அந்த மாதமே கேட்டால் டைம் ஆபீஸில் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். ஆறு மாதம் கழித்து நினைவை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம். உள்ளே தீராவிட்டால், தொழிற்சாலைகளுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தொழிலாளர் துறையும் இருக்கின்றன. அங்கே போகும்போதும் கையில் முதலில் இருக்க வேண்டியது தேதியும் கையெழுத்தும் உள்ள அந்தக் குறிப்புதான்.

சூப்பர்வைசர்களிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் வார்த்தையை நம்பித்தான் அந்த ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வந்தார்கள். அவர்கள் ஷிப்ட் முடித்துக் கிளம்புவதற்குள், யாருக்கு எந்த நாள் லீவு, எத்தனை மணி நேரம் ஓ.டி. என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் நன்றியை அடுத்த அவசர ஆர்டரின்போதும் அவர்கள் நம்புவார்கள்.