மானியம் கைக்கு வராது, கணக்குக்கு வரும்

கோயம்புத்தூரில் லேத் பட்டறை போட நினைக்கிற ஒருவர் முதலில் தடுக்கி விழுவது ஒரு சொல்லில். வங்கியில் ‘மார்ஜின் மணி’ என்றால் நாம் போட வேண்டிய கைக்காசு. பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் காகிதங்களிலோ அதே சொல் அரசு தரும் மானியத்தைக் குறிக்கிறது. “மார்ஜின் மணி அரசாங்கமே போடுமாம்” என்று கேள்விப்பட்டு வெறுங்கையோடு வங்கிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 2022-இல் இந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான உச்சவரம்பு 25 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. நம் பட்டறைக்கு இயந்திரச் செலவு 20 லட்சம். தொடங்குபவர் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். திட்டத்தில் இவர்களும் பெண்களும் பட்டியல் இனத்தவரும் சிறப்புப் பிரிவு. நகரப் பகுதி என்பதால் மானியம் 25 சதவீதம், அதாவது 5 லட்சம். கைக்காசு 5 சதவீதம், ஒரு லட்சம். மீதி 19 லட்சம் வங்கிக் கடன். பொதுப் பிரிவினராக இருந்தால் கைக்காசு 10 சதவீதம், நகர மானியம் 15 சதவீதம்தான்.

மானியம் 5 லட்சம் வந்தால் கடன் 14 லட்சம்தானே என்று கேட்கலாம். வங்கி முதலில் கடனைக் கொடுத்துவிட்டுத்தான் மானியத்தைக் கேட்டு வாங்கும். வந்த பணமும் கடனில் கழியாது. உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக அந்தக் கிளையிலேயே பூட்டி வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. பதிலுக்கு, கடனில் அதே 5 லட்சத்துக்கு வங்கியும் வட்டி போடக்கூடாது. பட்டறை ஓடுகிறது என்று மூன்று ஆண்டு கழித்து நேரில் வந்து பார்த்து உறுதி செய்த பிறகே அந்தத் தொகை கடனில் கழியும்.

இங்கேதான் கண் வைக்க வேண்டும். 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 19 லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 17,400 ரூபாய். 14 லட்சத்துக்கு 12,800. மானியம் வந்த பிறகும் கிளையின் கணினியில் முழுக் கடனுக்கே வட்டி ஓடிக்கொண்டிருந்தால் மூன்று ஆண்டில் 1,65,000 ரூபாய் வீணாகப் போகும். வைப்பு ரசீதின் நகலை வாங்குங்கள். அதிலுள்ள தேதிக்குப் பிறகு கடன் ஸ்டேட்மெண்டில் வட்டி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது மொரட்டோரியம். “ஆறு மாசம் டியூ கட்ட வேண்டாம்” என்று சொல்வார்கள். அசலைத்தான் கட்ட வேண்டாம். வட்டியைப் பெரும்பாலும் மாதாமாதம் கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் அது அசலோடு சேரும். 19 லட்சத்துக்கு ஆறு மாத வட்டி சேர்ந்தால் கடன் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இந்த இரண்டில் எது என்பது சாங்ஷன் லெட்டரில் ஒரே ஒரு வரியாக இருக்கும். கையெழுத்துக்கு முன் மேனேஜரிடம் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படியுங்கள்.

ஆறு மாதம் எந்த நாளிலிருந்து என்பது அதைவிட முக்கியம். வழக்கமாக முதல் தொகை வெளியே போன நாள்தான் கணக்கு, லேத் சுற்றத் தொடங்கிய நாள் அல்ல. முன்பணம் கட்டி இயந்திரம் வந்து சேர மூன்று மாதம். அடித்தளம் போட்டு, மும்முனை இணைப்பு கிடைக்க இன்னும் இரண்டு மாதம். ஜாப் கொடுக்கும் கம்பெனி மாதிரியைப் பார்த்து ஆர்டர் போட ஒரு மாதம். முதல் பில் போடும்போதே ஏழாவது மாதம் பிறந்துவிடும், அந்தப் பில்லுக்குப் பணம் வர மேலும் இரண்டு மூன்று மாதம். இந்த நாட்களைத் தாளில் எழுதிக் காட்டி, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கேட்க வேண்டும். விண்ணப்பத்தின்போதே கேட்டால் பேசலாம், தவணை தவறிய பிறகு கேட்டால் அது வேறு வழக்கு.

பிறகு மாதத் தவணை. ஐந்து ஆண்டுக்கு 19 லட்சத்தை வைத்துப் போட்டால் சுமார் 41,300. மானியத்தைக் கழித்து 14 லட்சத்துக்குப் போட்டால் 30,400. முதல் வகையில் மானியம் சேரும்போது கடைசித் தவணைகள் மிச்சமாகும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். பட்டறையின் முதல் இரண்டு ஆண்டுதான் மூச்சுமுட்டும் காலம். அப்போது மாதம் 11,000 குறைவது ஒரு பையனின் சம்பளத்துக்கு உதவும். ஆனால் பணத்தை வேறு வழியில் திருப்பியதாகவோ, மூன்று ஆண்டுக்குள் பட்டறையை மூடியதாகவோ தெரிந்து மானியம் திரும்பிப் போனால், அந்த 5 லட்சமும் உங்கள் தலையில் கடனாகவே நிற்கும்.

அதனால் இயந்திர பில், மின்கட்டண ரசீது, ஜிஎஸ்டி கணக்கு எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்றாம் ஆண்டு பார்க்க வருகிறவர் கேட்பது அவற்றைத்தான்.