மூன்று கொட்டேஷன், ஒரு மதிப்பெண் தாள்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனிக்கு 2,000 கிலோ பருத்தி நூல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்கள் விலை அனுப்புகின்றன: கிலோ 262 ரூபாய், 270, 276. கை தானாக முதல் மில்லின் பக்கம் போகும். ஆனால் நூல் அடிக்கடி அறுந்தால் துணியில் ஓட்டை விழும். இரண்டு லாட் கலந்து வந்திருந்தால், சாயம் போட்ட பிறகுதான் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் பின்னல் கூலியும் சாயக் கூலியும் கொடுத்தாகிவிட்டது.

அதனால்தான் விலை, தரம், டெலிவரி என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என ஒதுக்கிக் கூட்டிப் பார்க்கும் முறை வந்தது. இந்த ஒதுக்கீட்டைக் கொட்டேஷன் கவரைப் பிரிப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பிரித்த பிறகு எழுதினால், பிடித்த மில் ஜெயிக்கும்படி எண்கள் வளைந்துவிடும். விலைக்கு 50, தரத்துக்கு 30, டெலிவரிக்கு 20 என்று இங்கே முடிவாகிறது.

முதலில் விலைகளைச் சமப்படுத்த வேண்டும். 262 சொன்ன மில்லுக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும், லாரி வாடகை கிலோவுக்கு 2 ரூபாய் தனி. 270-இல் வாடகை அடக்கம், 30 நாள் கடனும் உண்டு. 276-க்கு வாடகையோடு 45 நாள் கடன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் ஒரு மாதக் கடன் ஒரு சதவீதத் தள்ளுபடிக்குச் சமம். இப்படிக் கழித்துக் கூட்டினால் உண்மை விலை ஏறக்குறைய 264, 267, 272 ரூபாய். கடனுக்கென்று தனி மதிப்பெண் இனி வேண்டாம். ஒரே சலுகையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

தரத்துக்கான மதிப்பெண் சாம்பிள் கோனை மெஷினில் ஓட்டிப் பார்த்துக் கிடைக்கிறது. டெலிவரிக்கானது பழைய வரவுப் பதிவேட்டிலிருந்து: பத்து ஆர்டரில் ஒன்பது தேதிக்குள் வந்திருந்தால் 9. அப்படிப் பார்த்ததில், பத்துக்கு, முதல் மில் தரத்தில் 5, டெலிவரியில் 6. இரண்டாவது 8, 9. மூன்றாவது 9, 8. ஒதுக்கீட்டின்படி பெருக்கிக் கூட்டினால் இந்த இரண்டிலும் சேர்த்து 50-க்கு 27, 42, 43.

மீதி விலை. அதை மதிப்பெண்ணாக மாற்றும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பரவலான வழி, குறைந்த விலையை ஒவ்வொரு விலையாலும் வகுத்து 50-ஆல் பெருக்குவது. இந்திய அரசு தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் டெண்டர்களிலும் இந்த வகுத்தல்தான். நம் கணக்கில் அது 50, 49.4, 48.5 என்று வருகிறது. மொத்தம் 77, 91.4, 91.5. மூன்றாவது மில் மயிரிழையில் ஜெயிக்கிறது. கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதல் என்றால் 2,000 கிலோவுக்கு 16,000 ரூபாய். அதற்குத் தாளில் போனது ஒன்றரை மதிப்பெண். விலைக்குப் பாதி எடை என்பது பேருக்குத்தான்.

இன்னொரு வழி, குறைந்த விலைக்கு முழு 50, உயர்ந்ததற்குப் பூஜ்யம், இடைப்பட்டதற்கு விகிதப்படி. இப்போது மொத்தம் 77, 73, 43. முதல் மில் ஜெயித்துவிட்டது! வேடிக்கை இதோடு முடியவில்லை. எப்படியும் ஆர்டர் கிடைக்காத நான்காவது மில் ஒன்று 300 ரூபாய் என்று சும்மா ஒரு கொட்டேஷன் போட்டால், பூஜ்யம் அதற்குப் போகிறது. மற்ற மூன்றும் 77, 88, 82 ஆகின்றன. இரண்டாவது மில் மேலே வருகிறது. வேண்டிய மில்லை ஜெயிக்க வைக்க யாராவது நினைத்தால், இப்படி ஒரு டம்மி கொட்டேஷன் போதும்.

நூலும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, ஜெயித்தது மட்டும் மூன்று மில்.

இதற்கு நேரான தீர்வு, ஒரு ரூபாய்க்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே நிர்ணயிப்பது. குறைந்த விலைக்கு மேல் ஒவ்வொரு ரூபாய்க்கும் 2 மதிப்பெண் கழியும் என்றால் விலைக்கு 50, 44, 34. மொத்தம் 77, 86, 77. டம்மி கொட்டேஷன் வந்தாலும் இந்தக் கணக்கு அசையாது.

அந்த 2 சரியா என்றும் சோதிக்கலாம். சாம்பிளில் ஒரு புள்ளி உயர்ந்தால் தாளில் 3 மதிப்பெண், அதாவது கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். மொத்த ஆர்டருக்கு 3,000 ரூபாய். ஒரு புள்ளி தரத்துக்காக முதலாளி அவ்வளவு கூடுதலாகத் தருவாரா? போன சீசனில் பட்டை விழுந்து கழிந்த துணியின் கணக்கை எடுத்துப் பார்த்தால் பதில் தெரியும். தரமாட்டார் என்றால், அடுத்த கவரைப் பிரிப்பதற்கு முன் அந்த 2-ஐ 3 ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான்.