வீடு மாறும்போது நாற்பத்திரண்டு படிக்கும் கூலி உண்டு!

"அத்தை, கிரவுண்ட் ஃப்ளோர்னு சொன்னது ஒரு குத்தமா?" என்று போனில் அழாத குறையாகக் கேட்டாள் என் நாத்தனார் மகள். கொடைக்கானல் மலையில் பள்ளங்கியில் குடியிருந்தவள். கணவருக்குக் கோயமுத்தூரில் வேலை. கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. சாமான் ஏற்ற வந்த லாரி ரோட்டில் நிற்கிறது. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "இன்னும் ஆறாயிரம் கொடுத்தாத்தான் தொடுவோம்" என்கிறார்களாம்.

அவள் பொய் சொல்லவில்லை. வீடு தரைத்தளம்தான். ஆனால் பள்ளங்கி மலைச்சரிவில் இருக்கிற ஊராயிற்றே! இவள் வீடு ரோட்டுக்குக் கீழே. நாற்பத்திரண்டு படி இறங்கித்தான் வாசலுக்குப் போக வேண்டும். பீரோவைத் தூக்குகிறவனுக்கு அது இரண்டாவது மாடி மாதிரிதான். போனில் விலை சொன்னவருக்கு அது தெரியாது. இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். முன்பணம் இரண்டாயிரம் போனது போனதுதான்.

அடுத்த வாரம் நான் பள்ளங்கிக்குப் போய், அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாமான் அடைக்கும் இடம், படி, தூரம், இன்ஷூரன்ஸ் என்று நாலு விஷயம்தான் விலையைத் தீர்மானிக்கிறது.

முதலில் இடம். கூலி எடையை வைத்து என்று நாம் நினைக்கிறோம். வீட்டுச் சாமானில் எடையைவிட, அது லாரியில் எத்தனை கன அடி அடைக்கிறது என்பதே முக்கியம். தையல் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் போதும். அவள் பீரோ 30 கன அடி, ஃப்ரிட்ஜ் 22, வாஷிங் மெஷின் 12, பிரித்த கட்டிலும் மெத்தையும் சேர்ந்து 35, டைனிங் டேபிளும் நாற்காலிகளும் 25, டி.வி. 7, தொட்டில், சைக்கிள் போன்ற சில்லறைச் சாமான் 20. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அட்டைப் பெட்டி ஒன்று மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. இருபத்தைந்து பெட்டிக்கு 85. அப்புறம் சோபா செட்! மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு. அது மட்டும் 93.

மொத்தம் 329. அடுக்கும்போது இடுக்குகள் வீணாகும் அல்லவா? அதற்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் சுமார் 380 கன அடி. ஒன்பது அடி பிக்கப் வண்டியில் ஆறடி உயரத்துக்கு அடுக்கினாலும் ஏறக்குறைய 300 தான் கொள்ளும். 'குட்டி யானை'யில் இன்னும் குறைவு. அதனால்தான் முதலில் வந்தவர்கள் பதினாலு அடி லாரி போட்டார்கள். அது 500 கன அடி. கால்வாசி இடம் காலியாகப் போகும், வாடகை முழுசாகக் கொடுக்க வேண்டும்.

"இந்த சோபா எத்தனை வருஷம்மா?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் வாங்கினது அத்தை. ஸ்ப்ரிங் கூட போயிடுச்சு."

சோபாவை விட்டால் 270 சொச்சம்தான். பிக்கப் போதும். வண்டி வாடகை பதினாறாயிரத்திலிருந்து பதினோராயிரத்துக்கு இறங்கியது. அந்தப் பழைய சோபாவைக் கொண்டுபோக ஐயாயிரம் ரூபாய்! பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, படி. கோயமுத்தூர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்குச் சுமார் இருபது படி என்று வைத்தால், இங்கே ஏற்ற இரண்டு மாடி, அங்கே ஏற்ற மூன்று, ஆக ஐந்து மாடிக் கூலி. முதல் கம்பெனி போட்டிருந்தது மூன்றுக்குத்தான். மலையில் இருக்கிறவர்கள் "எத்தனாவது மாடி" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிறுத்தாமல், வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி, எத்தனை அடி நடை என்று எண்ணிச் சொல்லுங்கள். பெரிய லாரி சந்துக்குள் வராவிட்டால் சின்ன வண்டியில் ஏற்றி, மெயின் ரோட்டில் மாற்றி ஏற்றுவார்கள். அதற்கு இரட்டைக் கூலி. சாமானுக்கும் இரட்டை அடி.

தூரத்தில் சிக்கல் குறைவு. பெருமாள்மலையில் திரும்பிப் பழனி வழியாகக் கோயமுத்தூர் சுமார் 180 கிலோமீட்டர். ஆனால் கீழேயிருந்து காலியாக ஏறி வருகிற வண்டிக்கு 360 கிலோமீட்டராகத்தான் கணக்கு. மலையில் டீசலும் நேரமும் அதிகம் என்பதால் சமவெளி ரேட் இங்கே செல்லாது. 2024 மே முதல் வெளியூர் வண்டி கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அதை யார் எடுப்பது என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சீசன் மாதத்தையும் மாதக் கடைசியையும் தவிர்த்தால் கொஞ்சம் குறைத்துப் பேசலாம்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். நம்மை ஏமாற்றுவது இங்கேதான்.

முதல் கம்பெனி இரண்டு லட்சத்துக்கு மூன்று சதவீதம், அதாவது ஆறாயிரம் கேட்டது. ரசீதைப் பார்த்தால் அவர்கள் முத்திரை மட்டும் இருக்கிறது. எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, பாலிசி நம்பர் என்ன என்று ஒன்றுமில்லை. அது இன்ஷூரன்ஸே இல்லை. "உடைந்தால் பார்த்துக்கொள்வோம்" என்கிற வாய்ப்பேச்சுக்குக் கொடுக்கிற காசு. நிஜமான இன்ஷூரன்ஸ் என்றால் வண்டி கிளம்புமுன் உங்கள் பெயர் போட்ட சான்றிதழ் கைக்கு வரும். அதிலும் 'ஏ' வகையா 'பி' வகையா என்று பாருங்கள். 'பி'யில் தீ, வண்டி மோதுவது, கவிழ்வது போன்றவற்றுக்குத்தான் பணம். இறக்கும்போது கை நழுவி மிக்ஸி உடைந்தால் 'ஏ' வகைதான் உதவும். அதிலும் நீங்களே கட்டிய பெட்டிக்குள் சரியாகப் பொதியாமல் உடைந்தது, வெளியே அடிபடாமல் டி.வி. ஓடாமல் போனது இவற்றுக்குப் பொதுவாகக் கிடைக்காது. நகையும் பணமும் நம் கைப்பையில்தான்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். ஒன்றரை லட்சம் பெறும் சாமானை 75,000 என்று எழுதினால், பத்தாயிரம் நஷ்டத்துக்கு ஐயாயிரம்தான் வரும்.

இன்ஷூரன்ஸ் எடுக்காவிட்டாலும் சட்டம் நம்மை அடியோடு கைவிடவில்லை. 2007-ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 2011 விதிகளும், சாமான் சேதமானால் லாரி நிறுவனம் வாடகையைப்போல் பத்து மடங்கு வரை பொறுப்பு என்கின்றன. ஆனால் நாம் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. இவளுக்கு வாடகை 11,000. அதனால் 1,10,000 வரை. சாமானோ ஒன்றரை லட்சம். ஆகவே இரண்டாவது கம்பெனி மூலம் 'ஏ' வகையில் ஒன்றரை லட்சத்துக்கு எடுத்தோம். 2,250 ரூபாய் ஆயிற்று.

மொத்த பில்: வண்டி 11,000, பெட்டி கட்ட 4,500, ஆள் கூலி 4,000, ஐந்து மாடிக்கு 2,500. ஆக 22,000, இன்ஷூரன்ஸ் தனி. இந்த ரேட் எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் இப்படித் தனித்தனியாக எழுதி வாங்கினால் எங்கே ஏறுகிறது என்று தெரியும். இந்த முறை கம்பெனி ஆள் நேரில் வந்து பார்த்தார். படியை எண்ணினார். எழுத்திலேயே "42 படி" என்று போட்டார். (காஸ் சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள், ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டாள்.)

கோயமுத்தூரில் இறக்கியபோது பீரோக் கதவு நசுங்கியிருந்தது. "கையெழுத்துப் போடுங்கம்மா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார்களாம். இவள் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதிலேயே "பீரோக் கதவு நசுங்கியுள்ளது" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொன்னாள். லாரிக்காரர் மேல் வழக்குப் போட வேண்டி வந்தால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளைக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இவளுக்கு அந்த அவசியம் வரவில்லை. கதவைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்த 1,800 ரூபாயும் இன்ஷூரன்ஸில் கிடைத்துவிட்டது.