மூன்று நூற்றிருபது, இரண்டு வரவு

ஒரு சின்ன ஓட்டலில் மதியம் ஏழு பேர் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பியதாகப் பில் புத்தகம் சொல்கிறது: 120, 40, 250, 120, 75, 120, 40. வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகைகளோ ஆறு: 40, 120, 300, 120, 75, 75. இரண்டு பக்கமும் இருப்பவை எவை, ஒரு பக்கம் மட்டும் நிற்பவை எவை? கல்லாவில் இருப்பவர் இதை டேலி பார்ப்பது என்பார். நிரல் எழுதுபவர்களுக்கு இது இரண்டு அரேக்களுக்குப் பொதுவான மதிப்புகளை எடுக்கும் கணக்கு. ஒரே மதிப்பு எத்தனை முறை வருகிறதோ, அந்த எண்ணிக்கையும் விடையில் தப்பாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

பள்ளியில் படித்த கணங்களின் வெட்டு இங்கே உதவாது. கணத்தில் ஒரு மதிப்புக்கு ஒரே இடம்தான். மேலே உள்ள இரண்டு பட்டியலையும் கணமாக்கி வெட்டினால் 40, 75, 120 என்று வரும். பில் பக்கம் வராமல் போனது 250 மட்டும்தான் என்று தோன்றும். உண்மையில் ஒரு 120-உம் ஒரு 40-உம் கூட வந்து சேரவில்லை. 160 ரூபாய் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது.

சரி, கணம் வேண்டாம், ஒவ்வொரு பில்லாக எடுத்து ‘இது வங்கிப் பட்டியலில் இருக்கிறதா’ என்று பார்த்தால் என்ன? அதுவும் காலை வாரும். மூன்று 120-க்கும் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும். இரண்டு 40-க்கும் அப்படியே. ஏழில் ஆறு பில் சரி என்று முடிந்துவிடும். இதையே வங்கிப் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஐந்து வரவு சரி என்று வரும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி இதுதான்: பட்டியல்களை இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடையின் அளவு மாறினால் நிரல் தப்பு. பில்லில் மூன்று, வங்கியில் இரண்டு என்றால் பொதுவானது இரண்டு, அதாவது இரண்டு எண்ணிக்கைகளில் சிறியது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சிறியது சிறியதுதான்.

இந்தச் ‘சிறியது’ தானாகவே கிடைக்கும்படி வேலை செய்ய இரண்டு வழிகள் வழக்கத்தில் உண்டு. முதலாவது, எண்ணி வைத்துக்கொண்டு கழிப்பது. வங்கி வரவுகளை ஒருமுறை படித்து எந்தத் தொகை எத்தனை தடவை என்று ஹாஷ் டேபிளில் குறித்துக்கொள்கிறோம்: 40 ஒன்று, 120 இரண்டு, 300 ஒன்று, 75 இரண்டு. பிறகு பில்களைப் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே படிக்கிறோம். அந்தத் தொகைக்குக் கையிருப்பு இருந்தால் ஒன்று கழித்து, பில்லை விடையில் சேர்க்கிறோம். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
from collections import Counter

k = Counter(bank)
out = []
for x in bills:
    if k[x] > 0:
        k[x] -= 1
        out.append(x)
```

முதல் 120 சேர்கிறது, கையிருப்பு ஒன்றாகிறது. 40 சேர்கிறது, அதன் கையிருப்பு தீர்ந்தது. 250 டேபிளிலேயே இல்லை. இரண்டாவது 120, பிறகு 75 சேர்கின்றன. மூன்றாவது 120 வரும்போது கையிருப்பு பூஜ்யம், விட்டுவிடுகிறோம். கடைசி 40-க்கும் அதே கதி. விடை 120, 40, 120, 75. இதில் ஓர் உபரி லாபமும் உண்டு. வேலை முடிந்தபின் டேபிளில் மிச்சமிருக்கும் ஒரு 300-உம் ஒரு 75-உம்தான் பில் இல்லாமல் வந்த பணம். அதற்குத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, இரண்டு பட்டியலையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விரலை வைத்துக் கீழே இறங்குவது. அந்த விரல்களைத்தான் பாயின்டர் என்கிறார்கள். பில் பக்கம் 40, 40, 75, 120, 120, 120, 250. வங்கிப் பக்கம் 40, 75, 75, 120, 120, 300. விதி ஒன்றுதான்: இரண்டு விரலும் ஒரே தொகையைத் தொட்டால் அதை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஓரடி நகர்த்து, இல்லையென்றால் சிறிய தொகையில் இருக்கும் விரலை மட்டும் நகர்த்து.

40-உம் 40-உம் சேர்ந்தன. அடுத்து 40-க்கு எதிரே 75. அடுக்கிய பட்டியலில் 75-க்குக் கீழே 40 வர வழியே இல்லை. ஆகவே இந்த 40 தனித்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. பில் விரல் நகர்கிறது, 75-உம் 75-உம் சேர்கின்றன. இப்போது 120-க்கு எதிரே இரண்டாவது 75, அது தனி. இரண்டு 120 ஜோடிகள் சேர்கின்றன. மூன்றாவது 120-க்கு எதிரே 300, தனி. 250-உம் தனி. பில் பட்டியல் முடிந்தது. மிச்சமுள்ள 300-உம் தனி. எட்டே ஒப்பீடுகள். எங்குமே எதையும் எண்ணவில்லை. ஜோடி சேரும்போது இரு பக்கமும் ஒவ்வொன்றாகச் செலவாவதால், சிறிய எண்ணிக்கை தானே வந்துவிடுகிறது. ‘ஒரே மதிப்பு திரும்ப வந்தால் தாண்டிப் போ’ என்ற வரியைக் கணத்துக்காக எழுதிய பழைய நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டால் மட்டும் இது கெடும்.

எது வேகம்? அடுக்காத பட்டியல்களுக்குப் பொதுவாக எண்ணிக் கழிப்பதே வேகம். ஒவ்வொரு பட்டியலையும் ஒருமுறை படித்தால் போதும். விரல் வழியில் நேரம் போவது இறங்குவதில் அல்ல, அடுக்குவதில். பட்டியல் ஏற்கெனவே அடுக்கப்பட்டு வந்தால் கணக்கு மாறும்: அப்போது டேபிளே வேண்டாம், கூடுதல் நினைவகமும் வேண்டாம். பட்டியல்களில் ஒன்று மட்டும் மிகப் பெரிது என்றால், சிறியதை எண்ணி வைத்துக்கொண்டு பெரியதை வரிவரியாக ஓடவிடலாம். இரண்டுமே நினைவகத்தில் அடங்காதபோது வட்டிலேயே அடுக்கி விரல் வழியில் போவது வழக்கம். லினக்ஸில் உள்ள `comm -12` கட்டளை செய்வது இதைத்தான். திரும்ப வரும் வரிகளின் எண்ணிக்கையையும் அது காப்பாற்றுகிறது.

அங்கே ஒரு குழி இருக்கிறது. `comm` வரிகளை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகத்தான் பார்க்கும். எழுத்தாக அடுக்கினால் 120 முதலில், 40 பிறகு. `sort -n` என்று எண்ணாக அடுக்கிய கோப்பைக் கொடுத்தால் விரல்கள் தப்பான பக்கம் நகர்ந்து, இருக்கும் ஜோடிகளையே தவறவிடும். அடுக்கிய முறையும் ஒப்பிடும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விரல் வழிக்கு மட்டும் உள்ள நிபந்தனை.

இரண்டு வழிக்கும் பொதுவான குழியும் உண்டு. வங்கி 120.00 என்று அச்சிட, பில் 120 என்று சொன்னால், எழுத்தாக அவை வேறு வேறு. ஒரு ஜோடிகூடச் சேராது. எல்லாவற்றையும் பைசாவாக்கி 12000 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வது உத்தமம். பெயர்ப் பட்டியலில் இது இன்னும் விஷமம். ‘கொ’ என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் யூனிகோடில் எழுதலாம், தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹாஷ் டேபிளுக்குத் தெரியும். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இனி ஓட்டலுக்கு வருவோம். 40, 120, 250 வரவில்லை. 75, 300 கணக்கில்லாமல் வந்திருக்கிறது. 250 பில்லுக்கு யாரோ 300 அனுப்பியிருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல இந்த நிரலால் முடியாது. மூன்று 120-இல் பணம் தராதவர் எவர் என்பதையும் அது சொல்லாது. எண்ணிக் கழிக்கும் வழி கடைசி 120-ஐக் கைகாட்டியது, அது கடைசியாகப் படிக்கப்பட்டதால் மட்டுமே. புத்தகத்தைத் தலைகீழாகப் படித்திருந்தால் முதல் ஆள் மாட்டியிருப்பார். தொகையை மட்டும் வைத்துப் பார்க்கும்வரை மூன்று பேருக்கும் வித்தியாசமில்லை. பில்லின் ஓரத்தில் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் எழுதி, தொகையோடு அதையும் சேர்த்து ஒப்பிட்டால், வராத 120 யாருடையது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.