எங்கே வெட்டினால் சரக்கு நிற்கும்?

1955இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துக்காக ஹாரிஸ், ராஸ் இருவரும் ரகசிய அறிக்கை ஒன்று எழுதினார்கள். சோவியத் ரயில்பாதைகளில் கிழக்கு ஐரோப்பாவுக்கு அதிகபட்சம் எவ்வளவு சரக்கு போகும், எங்கே வெட்டினால் நிற்கும் என்பதே விஷயம். 1956இல் ஃபோர்டும் ஃபுல்கர்சனும் வெளியிட்ட வழியைச் சின்ன உதாரணத்தில் பார்க்கலாம்.

கிடங்கிலிருந்து அ, ஆ நிலையங்களுக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும், குறுக்கே அ-விலிருந்து ஆ-வுக்கும் பாதைகள். ஒவ்வொன்றும் 10 டன் தாங்கும். முதலில் கிடங்கு, அ, ஆ, துறைமுகம் என 10 டன் அனுப்பிவிட்டோம். அவசரத் தேர்வுதான், முன்னோக்கிய வழி இனி இல்லை. ஆனால் மிச்சக் கொள்ளளவைக் காட்டும் வரைபடத்தில் ஆ-விலிருந்து அ-வுக்குப் பின்னோக்கி 10 உண்டு. அனுப்பியதை ரத்துசெய்யும் உரிமை அது. கிடங்கு, ஆ, அ, துறைமுகம் என இன்னொரு 10 போகிறது. குறுக்குப் பாதை காலியாகி, மொத்தம் 20.

இப்போது மிச்ச வரைபடத்தில் கிடங்கைவிட்டு நகரவே முடியாது. அதிலிருந்து கிளம்பும் இரண்டு பாதைகளும் நிரம்பிவிட்டன. அவற்றின் கொள்ளளவும் 20. அதுவே மிகச்சிறிய வெட்டு.