கடற்காற்று எப்போ வரும்? தெரிஞ்சா தெளிப்பும் தப்பாது, பூவும் கருகாது

அக்னி நட்சத்திர நாட்களில் மரக்காணம் பக்கம் பதினொன்றரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல கிழக்கே இருந்து ஒரு காற்று இறங்கும். அரை மணி நேரத்தில் சூடு மூணு நாலு டிகிரி குறைந்துவிடும். அதே நாளில் முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிற திண்டிவனம் மூணு, நாலு மணி வரை வெந்துகொண்டிருக்கும். வேலூருக்குப் பெரும்பாலும் அந்தக் காற்று பகலில் போய்ச் சேருவதே இல்லை.

கடலோர மக்கள் இதைக் கடற்காற்று என்கிறார்கள். மீனவர்களுக்குக் கிழக்கிலிருந்து வருவது கொண்டல். விடியலில் கரையிலிருந்து கடலுக்குப் போவது கரைக்காற்று. எஞ்சின் வராத காலத்தில் கரைக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குப் போனவர்கள், மதியத்துக்கு மேல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் நிலம் வைத்திருக்கிற நமக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மண் சீக்கிரம் சுடும், கடல் சுடாது

நிலத்துக்கும் கடலுக்கும் விழுவது ஒரே வெயில்தான். ஆனால் இரண்டும் அதை வாங்கிக்கொள்கிற விதம் வேறு.

காய்ந்த மண்ணில் வெயில் மேல்தோலில் மட்டும் விழுகிறது. ஒரு பகலின் சூடு ஓரிரு அடிக்கு மேல் கீழே இறங்குவதில்லை. அவ்வளவு சூடும் மேலேயே தங்குவதால், மே மாத மதியத்தில் வெறும் மணல் 50 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடலில் வெளிச்சம் பல அடி ஆழம் வரை இறங்குகிறது. அலை மேல்நீரையும் கீழ்நீரையும் கலந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் சூடு ஆவியாகிப் போகிறது. இதுபோக, ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதனால் பகலுக்கும் இரவுக்கும் கடல் மேற்பரப்பின் சூடு பெரும்பாலும் ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. மே மாதத்தில் வங்கக் கடல் ராத்திரி பகல் எந்நேரமும் 29, 30 டிகிரியில் கிடக்கும்.

இனி காற்றைப் பார்ப்போம். சூடான நிலத்தின் மேல் உள்ள காற்று லேசாகி மேலே எழுகிறது. நிலத்தின் மேல் அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல் மேல் இருக்கிற கனமான காற்று கரைக்குள் நகர்கிறது. கடற்காற்று இவ்வளவுதான். மேலே எழுந்த காற்று சில நூறு மீட்டர் உயரத்துக்கு மேல் கடல் பக்கம் திரும்பிப் போய் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ராட்டினம் மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒன்றைக் கவனிங்க. வருவது குளிர்ந்த காற்று அல்ல. 30 டிகிரி கடலைத் தொட்டுவிட்டு வருகிற காற்று. ஊர் 38 டிகிரியில் இருப்பதால்தான் அது நமக்குக் குளிர்ச்சியாகத் தெரிகிறது. கூடவே ஈரத்தையும் கொண்டுவருகிறது. அதனால்தான் கடலோரத்தில் சூடு குறைந்த பிறகும் வியர்வை காய்வதில்லை, சட்டை முதுகில் ஒட்டுகிறது.

ஒரு நாளின் நடை

தெளிவான ஒரு மே மாத நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்குக் கரையில் 28 டிகிரி. நிலமும் கடலும் ஏறத்தாழ சமம். ஏழிலிருந்து ஒன்பது வரை காற்று அசையாமல் கிடக்கும். பத்து மணிக்கு நிலம் கடலை விட நாலைந்து டிகிரி ஏறிவிடும். பதினொன்று, பன்னிரண்டுக்குள் கரையில் கடற்காற்று தொடங்கும்.

தொடங்கிய காற்று ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் போகாது. ஒரு வரப்பு நகர்வதுபோல முன்வரிசையாக, மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே நகரும். பத்தாவது கிலோமீட்டரில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் கழித்து, முப்பதாவது கிலோமீட்டரில் இருப்பவருக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கும்.

பூமி சுழல்வதால், நேரம் போகப் போகக் காற்று வலப்பக்கமாகத் திரும்பும். கிழக்கிலிருந்து தொடங்கியது, மாலையில் தென்கிழக்கிலிருந்து வீசும். நான்கு, ஐந்து மணிக்குத்தான் நல்ல வேகம். பொழுது சாய்ந்ததும் நிலம் ஆறத் தொடங்கும். வேற்றுமை குறையும், காற்றும் அடங்கும்.

நள்ளிரவுக்குப் பிறகு கதை தலைகீழ். நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் கடலை விடக் குளிர்ந்துபோகும். இப்போது நிலத்தின் மேல் உள்ள காற்றுதான் கனம். அது கடல் பக்கம் வழிந்து ஓடும். ஆனால் இரவில் வேற்றுமை இரண்டு, மூன்று டிகிரிதான். அதனால் கரைக்காற்று மெல்லத்தான் வீசும். வானம் தெளிந்து, பனி இறங்குகிற தை, மாசி மாதங்களில் இது நன்றாகத் தெரியும். மே மாதத்தில் தெற்கத்திக் காற்று இரவிலும் வீசுவதால் பல நாள் கண்ணில் படாது.

மேல்காற்று வந்தா கொண்டல் தடுமாறும்

எல்லா நாளும் இப்படி ஒழுங்காக நடப்பதில்லை. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் வறண்ட மேல்காற்று இறங்கும். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கடற்காற்று உள்ளே வர வேண்டுமானால் அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் கடற்காற்று பன்னிரண்டு மணிக்கு வராது. இரண்டு, மூன்று மணி ஆகும். சில நாள் வரவே வராது. அதுவரை வெயில் தடையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சென்னை மீனம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. கடலோர ஊரில் இந்த அளவு சூடு வர வேண்டுமென்றால், கடற்காற்று நேரத்துக்கு வராமல் இருக்க வேண்டும்.

இரண்டு காற்றும் மோதுகிற இடத்தில் இன்னொன்றும் நடக்கும். ஈரமான கடற்காற்று வறண்ட மேல்காற்றின் மேல் முட்டி மேலே எழும். மேலே போன ஈரம் மேகமாகித் திரளும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலமும் முன்னிரவிலும் வருகிற இடிமழையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. களத்தில் கடலை காய வைத்திருப்பவர்கள், மதியம் காற்று திரும்பிய பிறகு மேற்கே கருமேகம் கட்டுவதைப் பார்த்தால் படுதாவை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சொர்ணவாரி நெல்லுக்கு இது உயிர்ப் பிரச்சினை

நெல் பூப்பது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். ஒவ்வொரு பூவும் ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராது, பால் பிடிக்காது. கதிர் பச்சையாக நிமிர்ந்து நிற்கும், உருவிப் பார்த்தால் பதர்.

சொர்ணவாரிப் பட்டத்தில் சித்திரை, வைகாசியில் விதைத்த குறுகிய கால நெல், ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூக்கும். மேல்காற்று பலமாக வீசுகிற காலமும் அதுதான். கொண்டல் பதினொன்றுக்கு வந்த நாளில் பூத்த கதிர் தப்பும். மூன்று மணிக்கு வந்த நாளில் பூத்தது அடிவாங்கும். ஒரே வயலில் சில கதிர் நிறைந்தும் சில கதிர் பதராகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பூச்சி, சத்துக் குறை என்று தேடுவதற்கு முன்னால், பூத்த வாரத்தில் காற்று எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

காற்றை நாம் வரவழைக்க முடியாது. பூக்கும் பத்து, பன்னிரண்டு நாளில் வயல் காயாமல் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வைக்கலாம். வேரில் தண்ணீர் இருந்தால் பயிர் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். கடும் மேல்காற்று நாளில் இது முழுப் பாதுகாப்பு தராது, சேதத்தைக் குறைக்கும்.

தெளிப்புக்கு ஏற்ற நேரம்

பஞ்சகவ்யாவோ, மீன் அமிலமோ, வேப்பங்கொட்டைக் கரைசலோ, "காலையில அல்லது சாயங்காலம் தெளிங்க" என்றுதான் சொல்கிறோம். உள்மாவட்டத்துக்கு இது சரி. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மாலை நான்கு, ஐந்து மணி சரிவராது. அப்போதுதான் கடற்காற்று உச்சத்தில் இருக்கும். மருந்து பயிரில் படாமல் அடுத்த வயலுக்குப் போகும்.

உங்களுக்கு நல்ல நேரம், கரைக்காற்று அடங்கிக் கடற்காற்று தொடங்காத காலை இடைவேளை. வெயில் காலத்தில் ஏழிலிருந்து ஒன்பது. தை, மாசியில் பனி உலர்ந்த பிறகு, ஒன்பதை ஒட்டி. நெல் பூக்கிற நாட்களில் மட்டும் இந்த நேரத்திலும் தெளிக்க வேண்டாம், பூ முடியட்டும். மரத்தில் இலை லேசாக அசைந்தால் தெளிக்கலாம். சின்னக் கிளையே ஆடினால் நிறுத்திவிடுங்க.

உங்க வயலின் நேரத்தை நீங்களே கண்டுபிடிங்க

வானிலை அறிக்கை மாவட்டத்துக்குச் சொல்லும், உங்கள் வயலுக்குச் சொல்லாது. பத்து, பன்னிரண்டு அடி மூங்கில் ஒன்றைத் திறந்த இடத்தில் நட்டு, நுனியில் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டுங்க. நிழலில் ஐந்தடி உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்க. துணி எத்தனை மணிக்குக் கிழக்குக் காற்றுக்குத் திரும்புகிறது, அதற்கு முன்னும் அரை மணி கழித்தும் எத்தனை டிகிரி என்று தினமும் நோட்டில் எழுதுங்க.

துணி திரும்பியதெல்லாம் கடற்காற்று அல்ல. சுழல்காற்றும் துணியைத் திருப்பும், ஆனால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். திசை மாறி நிலைத்து, சூடு குறைந்து, உடம்பு பிசுபிசுத்தால் அதுதான் கொண்டல்.

காலை எட்டு மணிக்கே துணி கிழக்கு நோக்கிப் படபடத்தால், மேல்காற்று பலம் என்று அர்த்தம். அன்றைக்குக் கடற்காற்று தாமதம். நெல் பூத்திருந்தால் மடையைத் திறக்க வேண்டிய நாள் அது.