X: டிரைவில் சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது?

கூகுள் டிரைவில் கிடக்கும் கோப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பிரவுசரைத் திறந்து இறக்குவது அலுப்பான வேலை. அதற்கு மாற்றாகப் பலர் பயன்படுத்தும் இலவச மென்பொருள் rclone. விண்டோஸில் WinFsp என்ற துணை மென்பொருளையும் நிறுவி, கூகுள் கணக்கை drive என்ற பெயரில் ஒருமுறை இணைத்துவிட்டால், பிறகு ஒரே வரிதான்:

```
rclone mount drive: X: --vfs-cache-mode writes -v
```

பென்டிரைவ் செருகியதுபோல X: என்று ஒரு டிரைவ் வந்துவிடும். பார்வைக்கு டிரைவ்தான், ஆனால் அங்கே வன்தட்டு எதுவும் இல்லை, இணையத்தின் மறுமுனையில் ஒரு சேமிப்புக் கிடங்கு இருக்கிறது.

வன்தட்டில் ஒரு கோப்பின் நடுவில் நான்கு எழுத்தை மட்டும் மாற்றி எழுத முடியும். இந்தக் கிடங்கில் முடியாது, முழுக் கோப்பையும் புதிதாக ஏற்ற வேண்டும். 300 எம்பி அளவுள்ள ஒரு கணக்குக் கோப்பில் ஒரே ஒரு தொகையைத் திருத்துகிறீர்கள் என்று வையுங்கள். திருத்துவதற்காக அது முதலில் உங்கள் கணினிக்கு இறங்கும். சேமித்ததும் 300 எம்பியும் திரும்ப ஏறும். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் அதற்கு மட்டும் நான்கு நிமிடம். அடுத்த தொகையைத் திருத்திச் சேமித்தால் இன்னொரு நான்கு நிமிடம்!

தாமதத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து, சேமித்த அந்த நொடியில் இருக்கிறது. 'சேவ்' அழுத்தியதும் எக்செல் மறுபேச்சில்லாமல் சேமித்துவிடும். உண்மையில் கோப்பு இன்னும் உங்கள் கணினியின் கேச்சில்தான் இருக்கிறது. மூடி ஐந்து நொடி கழித்தே rclone ஏற்றத் தொடங்கும். அதற்குள் மடிக்கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், கிடங்கில் இருப்பது பழைய பிரதி. அலுவலகத்தில் இன்னொருவர் அதைத் திறந்து தன் பங்குக்குத் திருத்திச் சேமிக்கிறார். மறுநாள் அதே கட்டளையை நீங்கள் இயக்கியதும், பாதியில் நின்ற உங்கள் கோப்பு ஏறி, அவர் கோப்பு இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டு இணைக்கும் வேலையை rclone செய்வதில்லை. கடைசியாக ஏறியது எதுவோ அதுவே நிற்கும்.

அந்த `--vfs-cache-mode` இல்லாமல் மவுண்ட் செய்வது இன்னும் மோசம். பல மென்பொருள்களால் கோப்பைத் திறந்து திருத்தவே முடியாது. ஏற்றுவது பாதியில் அறுந்தால் மறுமுயற்சியும் கிடையாது.

கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. கட்டளையின் கடைசியில் இருக்கும் `-v` அதற்காகத்தான். கருப்புத் திரையில் கோப்பின் பெயரோடு இந்த வரி வரும்வரை கணினியை அணைக்காதீர்கள்:

```
vfs cache: upload succeeded try #1
```

படம் பார்க்க, பிடிஎஃப் புரட்ட, பழைய கோப்பைத் தேடியெடுக்க மவுண்ட் அருமையான வசதி. அதற்கு மட்டும் என்றால் `--read-only` சேர்த்துவிடுங்கள், கை தவறி எதையும் அழிக்க முடியாது. திருத்த வேண்டிய கோப்பை, குறிப்பாக டேலி, அக்சஸ் போன்ற தரவுக் கோப்புகளை, சொந்த வன்தட்டுக்கு நகலெடுத்து, அங்கே திருத்தி முடித்தபின் ஒரே தடவையாகத் திரும்ப ஏற்றுங்கள்.